முழங்கால் வலியுள்ள அப்பாவுக்கு லோயர் பெர்த்: முன்பதிவு மையத்துக்குக் கடிதம் எழுதுவோர் கேட்கும் கேள்விகள்

அப்பாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கடிதம் எழுதிக் கொடுத்தால் லோயர் பெர்த் கொடுத்துவிடுவார்களா?

கடிதத்தால் மட்டும் கிடைக்காது. பெர்த்தை ஒதுக்குவது கணினி. கவுண்டரில் இருப்பவர் மனமிரங்கினாலும் தாமாக ஓர் எண்ணைத் தேர்ந்து கொடுக்க அவருக்கு வழியில்லை. கணினிக்கு உங்கள் அப்பாவின் முழங்கால் தெரியாது, வயது தெரியும். ஒரு டிக்கெட்டில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதும் தெரியும். அந்த இரண்டையும் பார்த்துத்தான் மூத்த குடிமக்களுக்கான லோயர் பெர்த் கோட்டாவை அது திறந்துவிடுகிறது.

அப்படியானால் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். டிக்கெட் எந்தக் கோட்டாவில் போடப்பட வேண்டும் என்பதைக் கவுண்டரில் இருப்பவருக்குச் சந்தேகமில்லாமல் சொல்வதுதான் அதன் முதல் வேலை. வரிசை நீளமாக இருக்கும் காலை நேரத்தில் படிவத்தை வாங்கியதும் பொதுக் கோட்டாவில் தட்டிவிடுவது எளிதில் நடக்கிறது. அச்சாகி வெளியே வந்த டிக்கெட்டில் அப்பர் பெர்த் இருந்தால், அதை ரத்து செய்து பிடித்தம் போக மீதியை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாவது வேலை ரயிலுக்குள் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தக் கோட்டாவில் யாருக்கெல்லாம் இடம் உண்டு?

60 வயது நிறைந்த ஆண்கள், 45 வயது நிறைந்த பெண்கள், கர்ப்பிணிகள். படுக்கை வகுப்பில் ஒரு கோச்சுக்கு ஆறு முதல் ஏழு லோயர் பெர்த், மூன்றடுக்கு ஏ.சி.யில் நான்கு முதல் ஐந்து, இரண்டடுக்கு ஏ.சி.யில் மூன்று முதல் நான்கு இப்படி ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வகுப்பில் அந்த ரயிலுக்கு எத்தனை கோச் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை சற்று மாறும்.

பலர் கோட்டை விடுவது அடுத்த நிபந்தனையில்தான். தகுதியுள்ளவர் தனியாகப் பயணம் செய்ய வேண்டும். அல்லது தகுதியுள்ள இருவர் ஒரே டிக்கெட்டில் பயணம் செய்ய வேண்டும். தகுதியில்லாத ஒருவர் அதே டிக்கெட்டில் சேர்ந்தாலும், தகுதியுள்ளவர்களே மூன்று பேர் சேர்ந்தாலும் இந்தக் கோட்டா கிடைக்காது.

துணைக்கு நான் போகிறேன். எனக்கு வயது 40. ஒரே டிக்கெட்டில் போட்டால்தானே பக்கத்தில் இருக்க முடியும்?

பாசத்தால் செய்யும் இந்த ஏற்பாடே அப்பாவின் லோயர் பெர்த்தைப் பறித்துவிடுகிறது. 40 வயது மகன் அதே டிக்கெட்டில் ஏறியதும் அது பொதுக் கோட்டா டிக்கெட் ஆகிவிடும். பொதுக் கோட்டாவிலும் மூத்தவர்களுக்கு லோயர் கொடுக்கக் கணினி முயலும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நேரத்தில் காலி இருந்தால்தான் கிடைக்கும். திருச்செந்தூர் போகும் இரவு ரயிலில் விடுமுறை வாரத்தில் அதை நம்பி இருக்க முடியாது.

குடும்பத்தில் 45 வயதைத் தாண்டிய பெண் யாராவது துணைக்குப் போக முடியுமா என்று முதலில் பாருங்கள். அம்மா, அக்கா, அத்தை, சித்தி, யாராக இருந்தாலும் சரி. 47 வயது அக்கா அப்பாவோடு ஒரே டிக்கெட்டில் இந்தக் கோட்டாவிலேயே போகலாம், ஏனென்றால் அவருக்கும் தகுதி இருக்கிறது. இது பல வீடுகளுக்குத் தெரியாமலே இருக்கிறது. பெண்களுக்கும் 60 என்று எண்ணிக்கொண்டு, அக்கா இருக்கும்போதே தம்பியை அனுப்பிவிட்டு அப்பாவை மேலே ஏற்றிவிடுகிறார்கள்.

நீங்கள்தான் போயாக வேண்டும் என்றால் இரண்டு டிக்கெட் எடுங்கள். அப்பாவுக்குத் தனியாக, கோட்டாவில். உங்களுக்குத் தனியாக, பொதுக் கோட்டாவில். ஒரே கோச்சில் இடம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. முதல் டிக்கெட் கையில் வந்ததும் அதிலுள்ள கோச் எண்ணைச் சொல்லி, அதே கோச்சில் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு படிவம்தான் கொடுக்கலாம் என்பதால், முடிந்தால் வீட்டிலிருந்து இன்னொருவரையும் வரிசையில் நிறுத்துங்கள். உங்களுக்கு எந்தப் பெர்த் வந்தாலும் பரவாயில்லை. இரவில் இரண்டு தடவை எழுந்து வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தை யாருக்கு, எப்படி எழுதுவது? ஒரு மாதிரி கிடைக்குமா?

முன்பதிவு மேற்பார்வையாளருக்கு எழுதுங்கள். கவுண்டரில் படிவத்தோடு சேர்த்து நீட்டுங்கள். அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒரு குடும்பம், மார்ச் 31 அன்று திருப்பாதிரிப்புலியூரில் ஏறித் திருச்செந்தூர் போவதாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

அனுப்புநர்
(பெயர், கதவு எண், தெரு)
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்
முன்பதிவு மேற்பார்வையாளர்,
ரயில் முன்பதிவு மையம்,
திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையம், கடலூர்.

பொருள்: முழங்கால் நோயுள்ள 71 வயது தந்தைக்கு மூத்த குடிமக்கள் லோயர் பெர்த் கோட்டாவில் டிக்கெட் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் தந்தை (வயது 71), என் அக்கா (வயது 47) ஆகிய இருவரும் மார்ச் 31 அன்று வண்டி எண் 20605 திருச்செந்தூர் எக்ஸ்பிரஸில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து திருச்செந்தூருக்குப் படுக்கை வகுப்பில் பயணம் செய்ய இருக்கிறார்கள். இருவருக்கும் வயதுத் தகுதி இருப்பதால், ஒரே டிக்கெட்டாக லோயர் பெர்த் கோட்டாவில் பதிவு செய்து தருமாறு வேண்டுகிறேன்.

தந்தைக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் உள்ளது. காலை மடக்கி ஏணியில் ஏற அவரால் இயலாது. இரவில் கழிப்பறைக்கு எழ வேண்டியிருப்பதால் மிடில் பெர்த்தும் அவருக்குப் பொருந்தாது.

அந்த நாளில் இந்தக் கோட்டாவில் இடம் இல்லையெனில், டிக்கெட்டை அச்சிடும் முன் தெரிவிக்க வேண்டுகிறேன். மார்ச் 29 அல்லது 30 அன்று பயணம் செய்யவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
(கையொப்பம், கைபேசி எண்)
இடம்: கடலூர்
நாள்:

இவ்வளவு சிறிதாக எழுதினால் போதுமா? டாக்டர் சொன்னதையெல்லாம் எழுத வேண்டாமா?

போதும். எக்ஸ்ரேயில் என்ன இருந்தது, எந்த மாத்திரை சாப்பிடுகிறார், எத்தனை வருடமாக வலி என்பதெல்லாம் கவுண்டரில் யாருக்கும் பயன்படாது. அவரால் எதைச் செய்ய முடியாது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: காலை மடக்கி ஏற முடியாது. மிடில் பெர்த் வேண்டாம் என்பதை மறக்காமல் சேருங்கள். மேலே ஏற முடியாது என்று மட்டும் எழுதினால் மிடில் பரவாயில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். முழங்கால் மடங்காதவருக்கு மிடிலில் ஏறுவதும் அதே பாடுதான். உள்ளே போன பிறகு நிமிர்ந்து உட்காரவும் இடமில்லை.

"அச்சிடும் முன் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்ற வரிதான் அந்தக் கடிதத்திலேயே அதிகம் உழைக்கிற வரி. கோட்டாவில் காலி இருக்கிறதா என்பது கவுண்டரில் இருப்பவரின் திரையில் தெரியும். அதைப் பார்த்துச் சொன்ன பிறகு பணம் கட்டுவதா, நாளை மாற்றுவதா என்று நீங்கள் முடிவு செய்யலாம்.

மருத்துவச் சான்று இந்தக் கோட்டாவுக்குக் கேட்கப்படுவதில்லை. வயதைக் காட்டும் அசல் அடையாள அட்டை பயணத்தின்போது கையில் இருக்க வேண்டும்.

மாற்று நாளாக ஏன் மார்ச் 29, 30 என்று முந்தைய நாட்களை எழுதியிருக்கிறீர்கள்? எங்களுக்கு ஏப்ரல் 1 வசதியாயிற்றே?

பயண நாளை நீக்கி 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் இதுவே நடைமுறை. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. மார்ச் 31 பயணத்துக்கு, லீப் ஆண்டாக இல்லாவிட்டால், ஜனவரி 30 காலை 8 மணிக்குத் திறக்கும். நீங்கள் அன்றைக்கே வரிசையில் நிற்கிறீர்கள் என்றால் ஏப்ரல் 1-க்கான முன்பதிவு இன்னும் திறந்திருக்காது. ஆகவே அன்றே மாற்று நாளைப் பதிவு செய்ய வேண்டுமானால் அது முந்தைய நாளாகத்தான் இருக்க முடியும். ஏப்ரல் 1 தான் வேண்டும் என்றால் மறுநாள் காலை மறுபடி வாருங்கள்.

கோட்டா இடங்கள் ஒரு கோச்சுக்கு ஆறு ஏழு என்று பார்த்தோம். சென்னையிலிருந்து வருகிற ரயில் என்பதால் எழும்பூரில் ஏறுபவர்களும் அதே நாளில் பதிவு செய்கிறார்கள். முதல் நாளை விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துப் போனால் கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

படிவத்தில் எங்கே என்ன எழுத வேண்டும்?

பெயர், ஆண்/பெண், வயது ஆகியவற்றுக்குப் பக்கத்தில் விருப்பப் பெர்த்துக்கான இடம் இருக்கிறது. அதில் "லோயர்" என்று எழுதுங்கள். அது மட்டும் போதாது, ஏனென்றால் அது விருப்பம்தான், கோட்டா அல்ல. படிவத்தின் மேல் ஓரத்தில் "மூத்த குடிமக்கள் லோயர் பெர்த் கோட்டா" என்று பெரிதாக எழுதுங்கள். வயதை அடையாள அட்டையைப் பார்த்து எழுதுங்கள். வீட்டில் சொல்லும் வயதும் அட்டையிலுள்ள வயதும் நம் பெரியவர்கள் பலருக்குப் பொருந்துவதில்லை.

ஆன்லைனில் எடுப்பவர்கள் கோட்டாப் பட்டியலில் LOWER BERTH/SR.CITIZEN என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். GENERAL என்பதுதான் முதலில் வந்து நிற்கும். அதை மாற்றாமல் போய்விடாதீர்கள்.

டிக்கெட் வந்துவிட்டது. கிடைத்தது லோயர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். பெர்த் எண்ணுக்குப் பக்கத்தில் LB என்றிருந்தால் லோயர். MB மிடில், UB அப்பர், SL பக்கவாட்டு லோயர், SU பக்கவாட்டு அப்பர்.

எண்ணை வைத்தும் சரிபார்க்கலாம். படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் எண்ணை எட்டால் வகுத்தால், மீதி 1 அல்லது 4 வந்தால் லோயர். 7 வந்தால் பக்கவாட்டு லோயர். உதாரணமாக 44: எட்டால் வகுத்தால் மீதி 4, ஆகவே லோயர். 37 என்றால் மீதி 5, அது மிடில். இரண்டடுக்கு ஏ.சி.யில் ஆறால் வகுக்க வேண்டும். மீதி 1 அல்லது 3 லோயர், 5 பக்கவாட்டு லோயர்.

பக்கவாட்டு லோயர் வந்தால் வேண்டாம் என்று சொல்வதா?

உறுதியான டிக்கெட் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஏற வேண்டியதில்லை, எழுந்தவுடன் காலைத் தரையில் ஊன்றலாம். இரண்டு இருக்கைகளின் சாய்மானத்தை மடித்துப் படுக்கையாக்குவதால் நடுவில் பள்ளமாக இருக்கும். மடித்த போர்வை ஒன்றைப் போட்டு நிரவிவிடலாம். உயரமானவர்களுக்குக் கால் நீட்ட இடம் சற்றுக் குறைவு.

ஆர்.ஏ.சி. விஷயம் வேறு. அதில் பக்கவாட்டு லோயரை இருவர் பங்கிட்டு உட்கார வேண்டும். இரவு முழுவதும் முழங்காலை மடக்கியபடி உட்காருவது மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கு மேலே ஏறுவதைவிடக் கொடுமை. காலையில் இறங்கும்போது கால் நீளாமல் தவிப்பார். அப்பாவுக்காக ஆர்.ஏ.சி. டிக்கெட் எடுக்காதீர்கள். நாளை மாற்றுங்கள்.

நாங்கள் புதுச்சேரியில் இருக்கிறோம். விழுப்புரம் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். எங்கே கொடுப்பது?

புதுச்சேரி நிலையத்து முன்பதிவு மையத்திலேயே கொடுக்கலாம். எந்த மையத்திலும் எந்த நிலையத்திலிருந்தும் புறப்படும் பயணத்துக்கு டிக்கெட் எடுக்க முடியும். கடிதத்திலும் படிவத்திலும் ஏறும் நிலையம் விழுப்புரம் என்று தெளிவாக எழுதுங்கள். முகவரி புதுச்சேரி என்பதால் குழப்பம் வரக்கூடும்.

தேதியில் கூடுதல் கவனம் தேவை. சென்னையில் இரவு புறப்பட்டு நள்ளிரவுக்குப் பிறகு விழுப்புரம் வருகிற ரயில் என்றால், நீங்கள் எழுத வேண்டியது விழுப்புரத்தில் ஏறும் தேதி. முன்பதிவு திறக்கும் நாளை மட்டும் ரயில் சென்னையில் புறப்படும் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும்.

புதுச்சேரியிலிருந்தே புறப்படும் ரயில் உங்கள் ஊருக்குப் போகிறதென்றால், கிழமை ஒத்துவராவிட்டாலும் அதற்காகப் பயணத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. ரயில் அங்கேயே புறப்படுவதால் அப்பா நிதானமாக ஏறி உட்காரலாம். வழி நிலையங்களில் ரயில் நிற்பதே சில நிமிடங்கள். அந்த நேரத்துக்குள் உயரமான படிகளில் இரண்டு முழங்காலையும் தூக்கி வைத்து ஏறியாக வேண்டும்.

எம்.எல்.ஏ. கடிதம் வாங்கினால் லோயர் கிடைக்கும் என்கிறார்களே?

அது அவசர கோட்டா. காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் டிக்கெட்டை உறுதி செய்வதற்கானது. உறுதியாகிற பெர்த் லோயராகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. அப்பாவுக்காக அந்த வழியில் அலைய வேண்டாம்.

மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை நிறுத்திவிட்டார்களே, கோட்டாவும் போய்விட்டதா?

சலுகை 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டது. கோட்டா அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை. தத்கலில் மட்டும் இந்தக் கோட்டா கிடையாது.

எல்லாம் செய்தும் அப்பர்தான் கிடைத்தது. இனி என்ன வழி?

கடிதத்தின் இரண்டாவது வேலை இங்கேதான். அதன் நகலை அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். டாக்டர் சீட்டின் நகலும் உடனிருக்கட்டும், இங்கே அது உதவும். காலியாக இருக்கும் லோயர் பெர்த்தை, மேலே இடம் கிடைத்த மூத்தவர்களுக்கு மாற்றிக் கொடுக்க டிக்கெட் பரிசோதகருக்கு விதிப்படி அதிகாரம் உண்டு. அவர் முதல் முறை டிக்கெட் பார்க்க வரும்போதே சொல்லிவிடுங்கள். கோச் முழுவதும் பார்த்து முடித்தால்தான் யார் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே "முடித்ததும் பாருங்கள் ஐயா, எண் இது" என்று உங்கள் பெர்த் எண்ணைச் சொல்லி வையுங்கள். படுக்கும் நேரத்தில் போய்க் கேட்டால் காலி இடம் வேறொருவருக்குப் போயிருக்கும்.

காலியே இல்லை என்றால் எதிரில் இருப்பவர்களிடம் கேளுங்கள். தனியாகப் போகும் இளைஞர்களிடம் கேட்பது நல்லது. அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இவரால் காலை மடக்கி ஏற முடியவில்லை தம்பி" என்று நேராகச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

லோயர் கிடைத்தும், மற்றவர்கள் உட்கார்ந்திருப்பதால் அப்பாவால் கால் நீட்ட முடியவில்லை. என்ன செய்வது?

படுக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. அதற்கு முன்பு லோயரில் மிடில், அப்பர்காரர்கள் உட்காருவதற்கு உரிமை உண்டு. ஆனால் 2017-இல் இந்த நேரத்தை வகுத்த அறிவுறுத்தலிலேயே, நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் கூடுதல் நேரம் படுக்க மற்றவர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்கலாம். ஜன்னலோரம் சாய்ந்து, இருக்கையின் நீளவாட்டில் ஒரு காலை மட்டும் நீட்டிக்கொள்ள இடம் கேட்டாலே வலி பாதி அடங்கும்.

திரும்பி வரும் டிக்கெட்டையும் இதே கடிதத்தில் கேட்கலாமா?

வேண்டாம், தனிக் கடிதமாக எழுதுங்கள். திரும்பும் நாள் பிந்தியது என்பதால் அதன் முன்பதிவும் பிந்தியே திறக்கும். திருச்செந்தூர் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஏப்ரல் 2 அன்று 20606-இல் திரும்புவதாக இருந்தால், பிப்ரவரி 1 காலை அதே திருப்பாதிரிப்புலியூர் கவுண்டரில், வண்டி எண்ணையும் நிலையங்களையும் தேதியையும் மாற்றி எழுதிய கடிதத்தோடு நில்லுங்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை என்றால் பிற்பகல் 2 மணிக்கே கவுண்டரை மூடிவிடுவார்கள்.